பத்தில் ஆறு வேலை முடிந்தால் 60 சதவீதம் முடிந்ததாகுமா?

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு பில்லிங் மென்பொருள் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு புரோகிராமர், வாரம் 40 மணி நேரம், மொத்தம் பத்து வாரம், ஆக 400 மணி நேர வேலை. வேலையைப் பத்து தலைப்பாகப் பிரித்து ஒரு எக்செல் தாளில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஐந்தாவது வாரக் கடைசியில் கடைக்காரர் கேட்கிறார், "எவ்வளவு முடிஞ்சுது தம்பி?" தாளைப் பார்த்தால் பத்தில் ஆறு வேலைக்கு எதிரே பச்சை நிறம் இருக்கிறது. "அறுபது பர்சென்ட் முடிஞ்சுதுங்க" என்று பதில் போகிறது. பாதி நேரத்தில் 60 சதவீதம் என்றால் முன்கூட்டியே முடிந்துவிடும் போலிருக்கிறதே என்று அவரும் தீபாவளி வியாபாரத்தை நம்பி நாள் குறித்துவிடுகிறார்.

அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை, ஆறு வேலை உண்மையிலேயே முடிந்துதான் இருக்கிறது. ஆனாலும் அந்த 60 தவறான எண். ஏன் தவறு, சரியான எண் எது, அதை எப்படிக் கணக்கிடுவது என்பதை இந்த ஒரு உதாரணத்தை வைத்தே கடைசிவரை பார்த்துவிடலாம். எண்கள் நான் விளக்கத்துக்காக வைத்தவை, ஆனால் இந்த மாதிரி நிலவரம் எந்த ஐ.டி. அலுவலகத்திலும் பார்க்கக் கிடைப்பதுதான்.

முடிந்த ஆறு வேலைகள் எவை என்று பாருங்கள். லாகின் பக்கம், பொருள் பட்டியல், வாடிக்கையாளர் விவரம், முகப்பு வடிவமைப்பு, பார்கோடு ஸ்கேனர் இணைப்பு, பில் பிரிண்ட். இவற்றில் எதற்கும் 20 மணி நேரத்துக்கு மேல் மதிப்பிடவில்லை, ஆறும் சேர்ந்தே 100 மணி நேரம்தான். மீதமுள்ள நான்கு: ஜி.எஸ்.டி. கணக்கோடு பில் போடும் பகுதி 90 மணி, கடையின் பழைய தரவை இதற்குள் கொண்டுவருவது 80 மணி, மாத அறிக்கைகள் 50 மணி, கடையிலேயே வைத்துச் சோதித்துப் பார்த்து ஊழியர்களுக்குப் பழக்குவது 80 மணி. நான்கும் சேர்ந்தால் 300. அதாவது எண்ணிக்கையில் பத்தில் ஆறு, உழைப்பில் நானூறில் நூறு. 60 சதவீதம் என்று சொன்ன இடத்தில் முழுதாக முடிந்தது 25 சதவீதம். பந்தியில் இலை போட்டு உப்பு, ஊறுகாய், அப்பளம் வைத்ததும் பாதிச் சாப்பாடு பரிமாறியாகிவிட்டது என்று எண்ணுவது போலத்தான் இது, சோறும் குழம்பும் இன்னும் அடுப்படியிலேயே இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, எண்ணிக்கையை வைத்துச் சொல்லும் சதவீதம் பெரும்பாலும் ஒரே பக்கமாகத்தான் தவறும், அதாவது கூடுதலாகத்தான் காட்டும். எல்லா வேலையும் கலந்து கலந்து நடந்தால் சிறிதும் பெரிதும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும், எண்ணிக்கையும் உழைப்பும் ஓரளவு ஒத்துப்போகும். ஆனால் யாரும் அப்படிச் செய்வதில்லை. தெளிவாகத் தெரிந்த சின்ன வேலையைத்தான் முதலில் எடுக்கிறோம், கடைக்காரரிடம் காட்டுவதற்கும் ஒரு திரை வேண்டும் அல்லவா. பெரிய வேலை பெரியதாக இருப்பதற்குக் காரணமே அதற்குள் இன்னும் முடிவாகாத விஷயங்கள் கிடப்பதுதான், அதனால் அது தானாகவே பின்னுக்குப் போகிறது. இன்னொரு சிக்கல், எண்ணிக்கை என்பது நாம் எப்படிப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. லாகின் பக்கத்தையே "உள்நுழைவு", "பாஸ்வேர்டு மறந்தால்", "வெளியேறு" என்று மூன்றாக எழுதினால் ஒரு வேலையும் கூடுதலாகச் செய்யாமலே சதவீதம் ஏறிவிடும். யார் தாளைத் தயாரிக்கிறார்களோ அவர்கள் கையில்தான் எண் இருக்கிறது.

சரி, எண்ணிக்கை வேண்டாம், செலவான நேரத்தை வைத்துச் சொல்லலாமே என்று அடுத்து தோன்றும். நம் புரோகிராமர் இடையில் கொஞ்சம் லீவு போட்டதில் ஐந்து வாரத்தில் 190 மணி நேரம் வேலை செய்திருக்கிறார். 400-இல் 190, அப்படியானால் 47.5 சதவீதமா? இதுவும் இல்லை. 190 மணி நேரம் உழைத்தார் என்பது தெரிகிறது, அந்த உழைப்பில் எவ்வளவு வேலை நகர்ந்தது என்பது இதில் எங்கும் வரவில்லை. ஒரு பிழையைத் தேடி மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டால் இந்தக் கணக்கில் அது மூன்று நாள் முன்னேற்றம். வேலை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு நன்றாக இந்த எண் தெரியும், அதுதான் இதன் ஆபத்து.

எண்ணிக்கையும் வேண்டாம், செலவான நேரமும் வேண்டாம் என்றால் மிஞ்சுவது எது? இங்கேதான் ஈட்டிய மதிப்பு என்ற யோசனை வருகிறது. எர்ண்டு வேல்யூ என்று ப்ராஜெக்ட் மேனேஜர்கள் சொல்வது இதைத்தான். 1960-களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பெரிய ஏவுகணைத் திட்டங்களில் வளர்ந்த முறை இது, 1967-இல் அந்தத் துறை ஒப்பந்தக்காரர்களுக்கு இதை முறையான விதிகளாகவே ஆக்கியது. பணம் எவ்வளவு செலவானது என்பது அவர்களுக்குத் தெரிந்தது, செலவான பணத்துக்கு வேலை நடந்ததா என்பது தெரியவில்லை, அந்தக் கேள்விக்காகத்தான் இது. பெரிய ஒப்பந்தங்களில் இதைச் சுற்றி ஏகப்பட்ட படிவமும் சுருக்கெழுத்தும் உண்டு, நமக்கு அவ்வளவு தேவையில்லை. நடுவில் இருக்கும் யோசனை ரொம்ப எளிது.

ஒவ்வொரு வேலைக்கும் ஆரம்பத்திலேயே ஒரு மதிப்பு எழுதி வைக்கிறோம், நம் விஷயத்தில் அது மதிப்பிட்ட மணி நேரம். அந்த வேலை முடிந்தால் அந்த மதிப்பு முழுவதும் நம் கணக்கில் வரவாகும், குறையவும் குறையாது, கூடவும் கூடாது. ஜி.எஸ்.டி. பகுதிக்கு 90 மணி என்று எழுதிவிட்டு அதை 150 மணி நேரத்தில் முடித்தாலும் வரவு 90தான். 60 மணியில் முடித்தாலும் 90தான். இப்படி வரவான மணி நேரத்தை எல்லாம் கூட்டி மொத்தத்தால் வகுத்தால் வருவதுதான் முன்னேற்றச் சதவீதம். செலவு தனியாக ஒரு பக்கம் ஓடட்டும், இதோடு கலக்கக் கூடாது.

பாதியில் நிற்கும் வேலைக்கு என்ன வரவு வைப்பது? உண்மையில் இந்த முறை நன்றாக அமைவதும் கெட்டுப்போவதும் இந்த ஒரு கேள்வியில்தான். ஜி.எஸ்.டி. பகுதி ஓடிக்கொண்டிருக்கிறது. புரோகிராமரிடம் கேட்டால் "தொண்ணூறு பர்சென்ட் முடிஞ்சுதுங்க, கொஞ்சம்தான் பாக்கி" என்பார். அவரை நம்பினால் 90-இல் 81 மணி வரவு, மொத்தம் 181, அதாவது 45 சதவீதம். முழுதாக முடியும்வரை ஒன்றும் கிடையாது என்று கறாராக இருந்தால் மொத்தம் 100, அதாவது 25 சதவீதம். ஒரே நாள், ஒரே நிலவரம், இரண்டுக்கும் நடுவில் 20 சதவீத இடைவெளி, அத்தனையும் ஒருவரின் மனக்கணக்கைப் பொறுத்து நிற்கிறது. அவர் ஏமாற்றவில்லை, எழுதி முடித்த புரோகிராம் கண்ணுக்குத் தெரிகிறது, எழுத வேண்டியது தெரியவில்லை, அதனால் தொண்ணூறு என்று தோன்றுகிறது. அடுத்த வாரமும் தொண்ணூறு என்பார், அதற்கடுத்த வாரம் தொண்ணூற்றைந்து என்பார்.

அதனால் பாதியில் நிற்கும் வேலைக்கு எவ்வளவு வரவு என்பதை வேலை தொடங்கும் முன்பே விதியாக எழுதிவிட வேண்டும். ஒரு வாரத்துக்குள் முடிகிற சின்ன வேலை என்றால் முடிந்தால் முழு வரவு, இல்லையென்றால் பூஜ்யம், அவ்வளவுதான், வாராவாரம் கணக்கு பார்ப்பதால் பெரிய பிழை வராது. தொடங்கினால் பாதி, முடிந்தால் மீதிப் பாதி என்ற விதியும் புழக்கத்தில் இருக்கிறது, எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது, பத்து வேலையை ஒரே நாளில் தொட்டு வைத்தாலே எண் ஏறிவிடும். பெரிய வேலைக்கு நல்ல வழி, அதை உடைத்து ஒவ்வொரு துண்டுக்கும் தனி மணி நேரம் கொடுப்பது. துண்டு என்பது இன்னொருவர் வந்து பார்த்து "ஆமாம், முடிந்திருக்கிறது" என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. பகுதியையே உடைத்துப் பார்ப்போம். வரி விகித அட்டவணை, மாநிலத்துக்குள் விற்றால் சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும், வெளி மாநிலத்துக்கு என்றால் ஐ.ஜி.எஸ்.டி. என்று பிரிப்பது: 20 மணி. பில் போடும் திரை: 30 மணி. தள்ளுபடியும் திரும்பி வரும் துணியும்: 25 மணி. கணக்காளர் உட்கார்ந்து நிஜமான பில்களோடு ஒப்பிட்டுச் சரி சொல்வது: 15 மணி. மூன்றாவது துண்டைக் கொஞ்சம் கவனியுங்கள், "கொஞ்சம்தான் பாக்கி" என்று சொன்னது அங்கேதான் இருக்கிறது. ஆயத்த ஆடைக்கு ஜி.எஸ்.டி. விகிதம் விலையைப் பொறுத்து மாறும், 2025 செப்டம்பர் 22-இலிருந்து ஒரு உருப்படி 2500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. 2700 ரூபாய் சட்டைக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி பில்லிலேயே கொடுத்தால் விலை 2430-க்கு இறங்கி வரி விகிதமே மாறிவிடுகிறது. அப்புறம் அந்தச் சட்டையை வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்தால், எந்த விகிதத்தில் வரி போட்டோமோ அதே விகிதத்தில் திருப்ப வேண்டும், பட்டியல் விலையைப் பார்த்துத் திருப்பினால் கணக்கு உதைக்கும். பில் திரை அழகாக ஓடுவதைப் பார்த்தால் இது எதுவும் தெரியாது.

ஐந்தாவது வாரக் கடைசியில் இந்த நான்கு துண்டில் முதல் இரண்டுதான் கையெழுத்துப் போடும் அளவுக்கு முடிந்திருக்கிறது. எனவே வரவு 50 மணி. ஏற்கெனவே உள்ள 100-ஐச் சேர்த்தால் 150. 400-இல் 150, அதாவது 37.5 சதவீதம். நான் கடைக்காரரிடம் சொல்வதானால் இந்த எண்ணைத்தான் சொல்வேன்.

எக்செல்லில் இதற்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. பெரிய வேலைகளைத் துண்டுகளாக எழுதுங்கள். பழைய தரவையும் இதே மாதிரி உடைக்கலாம், கோப்புகளை வாங்கி வரிசைப்படுத்த 10 மணி, ஒரே சேலை மூன்று விதமான எழுத்தில் பதிவாகியிருப்பதை எல்லாம் சுத்தம் செய்ய 45, ஏற்றிவிட்டு கடையின் இருப்போடு ஒப்பிட 25. ஆக மொத்தம் 15 வரிசை. B நெடுவரிசையில் மணி நேரம், C-யில் முடிந்ததென்றால் 1, இல்லையென்றால் 0, D-யில் எந்த வாரத்துக்குள் முடிய வேண்டும் என்று திட்டமிட்டோமோ அந்த வார எண். முதல் சூத்திரம் முன்னேற்றம், இரண்டாவது ஐந்தாம் வாரத்துக்குள் எவ்வளவு முடிந்திருக்க வேண்டும் என்பது:

```
=SUMPRODUCT(B2:B16,C2:C16)/SUM(B2:B16)
=SUMIF(D2:D16,"<=5",B2:B16)
```

C-யில் 0.9 என்றெல்லாம் எழுத இடம் கொடுக்காதீர்கள். டேட்டா வேலிடேஷன் போட்டு 0, 1 இரண்டை மட்டும் அனுமதித்துவிட்டால் வாக்குவாதமே வராது.

எம்.எஸ். ப்ராஜெக்ட் பயன்படுத்துகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் `% Complete` என்று வரும் நெடுவரிசை நாள் கணக்கை வைத்து ஓடுகிறது, உழைப்பை வைத்து அல்ல. பார்கோடு பிரிண்டர் வந்து சேர 15 நாள் காத்திருப்பதை ஒரு வேலையாகப் போட்டிருந்தால், அதில் உண்மையான உழைப்பு இரண்டு மணி நேரம்தான் என்றாலும், மொத்தச் சதவீதத்தில் அது 15 நாள் எடையோடு உட்கார்ந்துகொள்ளும். `% Work Complete` மணி நேரத்தை வைத்து வருகிறது, ஆனால் அது செலவான மணி நேரத்தை மொத்த மணி நேரத்தால் வகுப்பது, பாக்கி எவ்வளவு என்பதை யாரும் திருத்தாமல் விட்டால் நாம் மேலே தள்ளிவைத்த அந்த 47.5-தான் திரும்ப வரும். துண்டு முடிந்ததா இல்லையா என்று நாமே எழுதுவதற்கு `Physical % Complete` என்று தனி நெடுவரிசை இருக்கிறது.

இப்போது நம்மிடம் மூன்று எண் இருக்கிறது: திட்டப்படி இந்நேரம் வரவாகியிருக்க வேண்டியது 200 மணி, உண்மையில் வரவானது 150, செலவானது 190. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே கதை தெரிந்துவிடுகிறது. 200-க்கு 150 என்றால் வேலை பின்தங்கியிருக்கிறது. எத்தனை நாள்? வாரத்துக்கு 40 மணி என்ற திட்டத்தில் 150 மணி வரவு வர வேண்டிய நேரம் நாலாவது வாரத்தின் கடைசிக்குக் கொஞ்சம் முன்பு, கணக்காகச் சொன்னால் 3.75 வாரம். நாம் நிற்பது 5-இல். ஏறத்தாழ ஒன்றேகால் வாரம் பின்னே. 150-ஐ 200-ஆல் வகுத்து 0.75 என்று சொல்வதுதான் வழக்கமான முறை, ஆனால் அந்த விகிதத்தில் ஒரு கோளாறு உண்டு. வேலை எவ்வளவு தாமதமாக முடிந்தாலும் கடைசியில் வரவு 400, திட்டமும் 400, விகிதம் 1 ஆகிவிடும், தாமதமே நடக்காத மாதிரி. அதனால் வால்ட் லிப்கே என்பவர் 2003-இல் விகிதத்துக்குப் பதிலாக இப்படி நேரமாகவே சொல்லும் முறையை முன்வைத்தார். கடைக்காரருக்கும் "ஒன்றேகால் வாரம்" என்பதுதான் புரியும்.

செலவு பக்கம் 150 வரவுக்கு 190 செலவு. இதே விகிதத்தில் மீதியும் போனால் மொத்தம் 400-ஐ 150-ஆல் வகுத்து 190-ஆல் பெருக்கி, சுமார் 507 மணி நேரம் ஆகும். பாடப்புத்தகச் சூத்திரம் இதோடு நின்றுவிடும். ஆனால் 190 எங்கே போனது என்று உடைத்துப் பார்க்காமல் இந்த 507-ஐ நம்பக் கூடாது என்பது என் கருத்து. சின்ன வேலைகள் ஆறும் 100 மணி வரவுக்கு 105 மணி வாங்கியிருக்கின்றன, மதிப்பீடு ஏறக்குறைய சரி. ஜி.எஸ்.டி.யின் இரண்டு துண்டு 50 மணி வரவுக்கு 85 மணியை விழுங்கியிருக்கிறது. இனி மிச்சமிருப்பதில் லாகின் பக்கம் மாதிரி ஒன்றுகூட இல்லை, அத்தனையும் ஜி.எஸ்.டி. மாதிரிதான். மீதமுள்ள 250 மணி வரவும் அதே வேகத்தில் போனால் 425 மணி பிடிக்கும், மொத்தம் 615. இனிமேல் எல்லாம் மதிப்பீட்டின்படியே நடக்கும் என்று வைத்தாலும் 190-உம் 250-உம் சேர்ந்து 440. அதாவது நல்லபடியாகப் போனால் 11 வாரம், இப்போதைய சராசரியில் கிட்டத்தட்ட 13, பெரிய வேலைகளின் வேகத்தில் 15-ஐத் தாண்டும். சராசரியை மட்டும் பார்த்தால், எளிதான வேலைகள் முதலில் முடிந்ததால் வந்த நல்ல எண் பின்னால் வரப்போகும் மேட்டை மறைத்துவிடும்.

"90 மணி என்று போட்டது 150 ஆகும் என்று தெரிந்துவிட்டது, அப்போ தாளில் 150 என்று மாற்றிவிடலாமே" என்று யாராவது கேட்பார்கள், நியாயமான கேள்விதான். மாற்றினால் வரவும் சேர்ந்து வீங்கிவிடும். மதிப்பீடு தவறிய ஒவ்வொரு முறையும் அந்த வேலையின் எடையைக் கூட்டிக்கொண்டே போனால், எங்கே தவறினோம் என்ற தடயமே தாளில் இருக்காது, 85 செலவுக்கு 85 வரவு என்று எல்லாம் சமமாகத் தெரியும். அதனால் B நெடுவரிசையைத் தொடாதீர்கள், புது மதிப்பீட்டைப் பக்கத்தில் வேறு நெடுவரிசையில் எழுதுங்கள். இரண்டும் எவ்வளவு விலகுகிறது என்பதே ஒரு தகவல்.

வேலையே புதிதாக வந்தால் அது வேறு. "பில்லை வாட்ஸப்பில அனுப்புற மாதிரி பண்ணிக் குடுத்துருங்க தம்பி" என்று கடைக்காரர் கேட்டு, அதற்கு 40 மணி என்று இருவரும் ஒப்புக்கொண்டால் அது தாளில் புது வரிசையாக வரத்தான் வேண்டும். உடனே மொத்தம் 440, அதே 150 வரவு இப்போது 34.1 சதவீதம். நேற்று 37.5, இன்று 34.1, யாரும் எதையும் உடைக்கவில்லை. இதை மறைக்காமல் அந்த வார அறிக்கையிலேயே "பழைய வேலையில் 37.5, புது வேலையைச் சேர்த்தால் 34.1" என்று இரண்டையும் எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை. சொல்லாமல் சேர்த்தால், அடுத்த வாரம் வேலை நடந்தும் சதவீதம் ஏறாததற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

இந்த முறைக்குத் தெரியாத விஷயமும் உண்டு. எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்பது இதற்குத் தெரியாது. ஜி.எஸ்.டி. சிக்கலாக இருக்கிறது என்று அதை ஓரமாக வைத்துவிட்டு புரோகிராமர் அறிக்கைகளை எழுதப் போனால் 50 மணி வரவு ஜோராக ஏறும், எண் நன்றாகவே தெரியும், ஆனால் பில் போடும் பகுதி முடியாமல் கடையில் சோதனை தொடங்கவே முடியாது, கடைசியில் நாள் தள்ளித்தான் போகும். அதனால் சதவீதத்தோடு, சோதனைக்கு முன்பு முடிந்தாக வேண்டியதில் எது பாக்கி என்று ஒரு வரி தனியாக எழுத வேண்டும். இந்தக் கடையைப் பொறுத்தவரை ஐந்தாவது வார அறிக்கை இப்படித்தான் இருக்கும்: 37.5 சதவீதம் முடிந்தது, ஒன்றேகால் வாரம் பின்தங்கியிருக்கிறோம், முடிய மொத்தம் 11-இலிருந்து 15 வாரத்துக்கு மேலும் ஆகலாம், தள்ளுபடி–ரிட்டர்ன் துண்டும் கணக்காளர் ஒப்புதலும் அடுத்த வாரம் முடிந்தால் இந்த இடைவெளியைச் சுருக்கிச் சொல்ல முடியும்.